அண்ணியின் முறுக்கும் ஐயாயிரம் ஆவிகளும்

சென்ற ஆண்டு ஜூலையில் அண்ணி என் கைப்பேசியைப் பிடுங்கித் தன் இன்ஸ்டகிராம் பக்கத்தைத் திறந்து காட்டினார். "பாருங்கள் தம்பி, ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது." முந்தைய வாரம் 860 பேர்தான் பின்தொடர்ந்தார்கள். ஈசூனில் வீவக வீட்டுச் சமையலறையிலிருந்து முறுக்கும் அதிரசமும் செய்து விற்பவர் அவர். ஒரே வாரத்தில் ஐயாயிரம் பேருக்கு முறுக்கு ஆசை வருமா என்று கேட்டேன். 65 வெள்ளிக்குப் பொய்ப் பின்தொடர்வோரை வாங்கியதை அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்.

விற்றவன் "30 நாள் நிரப்பல் உத்தரவாதம்" வேறு கொடுத்திருந்தான். எண்ணிக்கை குறைந்தால் முப்பது நாளுக்குள் இலவசமாக நிரப்பித் தருவானாம். அந்த உத்தரவாதத்திலேயே அவன் சரக்கின் தரம் தெரிந்துவிடுகிறது. உதிர்ந்துபோகும் என்று அவனுக்கே தெரியும்.

இந்தப் பதிவை எழுதக் காரணம் அந்த 65 வெள்ளி அல்ல. அதன் பிறகு அண்ணி செய்த இன்னொரு காரியம். அதைப் பலர் குற்றமாகவே நினைப்பதில்லை. "நாங்கள் எதையும் வாங்கவில்லை, ஒருவருக்கொருவர் ஆதரவு கொடுக்கிறோம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். ஒருவர் பதிவுக்கு மற்றவர் கட்டாயம் லைக் போடும் லைக் குழுக்களைத்தான் சொல்கிறேன். என் கருத்தில் காசுக்கு வாங்கிய தலைகளைவிட இந்தக் குழுக்களே அதிகம் கெடுக்கின்றன.

முதலில் வாங்கிய தலைகளைப் பார்ப்போம். அண்ணியின் பதிவு ஒவ்வொன்றும் அதற்கு முன்பு ஏறத்தாழ 420 கணக்குகளைச் சென்றடைந்தது. சுமார் 50 லைக் விழும். பன்னிரண்டு பேராவது அதை வேறு யாருக்காவது அனுப்புவார்கள். ஐயாயிரம் தலைகள் வந்த பிறகு சென்றடைவு 430, லைக் 48. ஒன்றும் மாறவில்லை. பொய்க் கணக்குகள் செயலியைத் திறப்பதே இல்லை. திறக்காதவனுக்குப் பதிவைக் காட்ட முடியாது. "பின்தொடர்வோரில் பத்தில் ஒரு பங்குக்கு இன்ஸ்டகிராம் காட்டிப் பார்க்கும், அவர்கள் பொய்யானவர்கள் என்றால் பதிவு செத்துவிடும்" என்று பயிலரங்குகளில் அடித்துச் சொல்கிறார்கள். அவ்வளவு நேர்க்கோட்டுக் கணக்கு அங்கே இல்லை. ஒவ்வொரு பதிவையும் இன்னார் பார்ப்பாரா, ரசிப்பாரா, அனுப்புவாரா என்று ஆள்வாரியாகக் கணித்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள்.

ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு என்ன தெரியும்? 860 பேருக்கு 50 லைக் என்றால் நூற்றுக்கு ஆறு. 5,860 பேருக்கு 48 என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நேற்றுவரை சின்னக் கடையாக இருந்தது, இன்று காலியான பெரிய கடையாகிவிட்டது.

அந்தக் காலித்தன்மை அண்ணியை உறுத்தியது. அதை மறைக்கத்தான் ஆகஸ்டில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். முப்பத்தெட்டுப் பேர். கேக் செய்பவர், மருதாணி போடுபவர், காப்புறுதி முகவர், துணைப்பாட ஆசிரியர், அழகு நிலையம் நடத்துபவர் என்று எல்லாரும் இங்கேயே இருக்கும் நிஜமான மனிதர்கள். இரவு எட்டு மணிக்கு ஒவ்வொருவரும் தம் பதிவின் இணைப்பைப் போட வேண்டும். எட்டரைக்குள் மற்ற எல்லாப் பதிவுகளுக்கும் லைக் போட்டு, குறைந்தது நான்கு சொல்லில் கருத்தும் எழுத வேண்டும். தவறினால் எச்சரிக்கை, மூன்று எச்சரிக்கையானால் வெளியே. முறுக்கு பிழிந்த கையைத் துடைத்துக்கொண்டு "அருமையான வடிவமைப்பு, வாழ்த்துகள் சகோதரி" என்று யாருடைய நகச்சாயப் படத்துக்கோ அண்ணி எழுதுவதை நானே பார்த்தேன். அந்த நகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

முதல் வாரம் கொண்டாட்டம்தான். லைக் 85, கருத்து முப்பது. ஆறு வாரம் கழித்து இருவரும் உட்கார்ந்து, கணக்கின் புள்ளிவிவரங்களைக் காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தைத் திறந்தோம். லைக் இன்னும் எண்பதில் நின்றது. சென்றடைவு 290. அனுப்பியவர்கள் மூன்று பேர். விலை கேட்டு வந்த செய்திகள் வாரத்துக்கு ஏழிலிருந்து இரண்டாகிவிட்டன. தீபாவளி நெருங்க நெருங்க ஏற வேண்டிய எண்கள் அவை.

காரணம் கடினமானதல்ல. இன்ஸ்டகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் தரவரிசைக்கு முக்கியமான மூன்று அறிகுறிகளைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் வேறொருவருக்கு அனுப்புகிறார்கள். ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் லைக்கும், புதியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அனுப்புதலும் கூடுதலாக உதவும் என்றார். இதைக் குழுவோடு பொருத்திப் பாருங்கள். முப்பது நிமிடத்தில் முப்பத்தேழு பதிவுகளை முடிக்க வேண்டியவர் உங்கள் ரீல்ஸை இரண்டு வினாடிக்கு மேல் பார்க்க மாட்டார். யாருக்கும் அனுப்பமாட்டார். அவர் தருவது மூன்றில் ஒன்று மட்டும். வருகிறார், லைக் போடுகிறார், ஓடிவிடுகிறார்.

அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. இன்ஸ்டகிராமின் தரவரிசை அமைப்பு உங்கள் பதிவை யார் விரும்புகிறார்கள் என்று பார்த்து, அவர்களைப் போன்றவர்களைத் தேடுகிறது. அண்ணி அதற்கு ஆறு வாரம் தினமும் பாடம் நடத்தினார்: என் முறுக்கை விரும்புகிறவர்கள் கேக் விற்பவர்களும் காப்புறுதி முகவர்களும்தான். அதுவும் நல்ல மாணவனைப் போலக் கற்றுக்கொண்டு, இன்னும் பல விற்பனையாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டியது. செப்டம்பரில் அண்ணிக்கு வந்த செய்திகளில் பாதி, "இணைந்து விளம்பரம் செய்யலாமா?" என்பவை. முறுக்கு கேட்டவர்கள் மிகச் சிலரே. பொய்க் கணக்கு வெறும் பிணம், எதையும் கற்றுக்கொடுக்காது. குழுவில் இருப்பவர்களோ உயிருள்ள தவறான ஆட்கள். அதனால்தான் குழுவே மோசம் என்கிறேன்.

நம்பகம் போனது இன்னொரு இடத்தில். சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தீபாவளிக்கு அண்ணியின் டின்களைக் கடையில் வைக்க யோசித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அக்கா, உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று அந்தப் பக்கத்தைக் காட்டுகிறீர்களா?" தொழில்முறைக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் அந்த விவரம் தெரியும். அண்ணி காட்டினார். சிங்கப்பூர் நூற்றுக்குப் பதினான்கு. மற்றதெல்லாம் நாங்கள் வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்கள். அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. பெரியவர் "பிறகு பார்க்கலாம்மா" என்றார். முறுக்கின் ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எண்ணிக்கையில் பொய் சொன்னவர் எண்ணெயில் உண்மை சொல்வாரா என்று அவர் யோசித்திருந்தால் அவரைக் குறைசொல்ல மாட்டேன்.

நம் ஊரில் இந்தப் பொய் சீக்கிரம் பிடிபடுவதற்கு இன்னொரு காரணம், நாம் கொஞ்சம் பேர்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, அதாவது ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வேலை அனுமதியில் இருப்பவர்கள் இதில் சேரவில்லை. அப்படியும், தமிழில் மட்டும் பதிவிடும் ஒரு சிங்கப்பூர்ப் பலகாரக் கணக்குக்கு 40,000 உள்ளூர்ப் பின்தொடர்வோர் என்றால் தேக்கா சந்தையில் எதிர்ப்படும் பலர் அதை அறிந்திருக்க வேண்டும்.

சட்டமும் விதிகளும் சும்மா இல்லை. பொய்ப் பின்தொடர்வோரை விற்ற டெவுமி நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை 2019இல் 25 லட்சம் டாலர் தீர்ப்பில் முடிந்தது. இங்கே விளம்பரத் தர ஆணையம் 2016இலேயே வகுத்த சமூக ஊடக வழிகாட்டி, மோசடியாக ஈடுபாட்டைப் பெருக்கிக் காட்டக் கூடாது என்கிறது. வீட்டுச் சமையலறைவரை யாரும் வந்து பிடிக்கப் போவதில்லை. அண்ணிக்கு நேர்ந்த தண்டனை அந்த மளிகைக் கடையில் நேர்ந்ததுதான்.

பிறகு என்ன செய்தோம்? அன்றிரவே குழுவிலிருந்து வெளியேறினார். வாங்கிய தலைகளில் ஏறத்தாழ 1,400 தாமாகவே உதிர்ந்திருந்தன. மீதியை அண்ணியும் அவருடைய மகளும் நாளுக்கு நூறு என்ற கணக்கில் கையாலேயே நீக்கினார்கள். ஐந்து வாரம் ஆனது. ஒரே மூச்சில் நீக்கினால் கணக்கைத் தற்காலிகமாக முடக்கிவிடக்கூடும். நொடியில் சுத்தம் செய்து தருகிறோம் என்று கடவுச்சொல் கேட்கும் செயலிகளை நாங்கள் தொடவில்லை. முதல் தவறே அப்படி ஒருவனை நம்பியதுதான்.

பதிவுகளையும் மாற்றினோம். "இதைப் பார்ப்பவர் யாருக்கு அனுப்புவார்?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டோம். தட்டில் அடுக்கிய முறுக்குப் படத்தை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. அண்ணி ஒரு நாள் மாவைப் பிசைந்து, அது முறுக்கு அச்சில் ஏன் உடைகிறது, எவ்வளவு தண்ணீர் தெளித்தால் உடையாது என்று கைக்கு அருகில் காட்டி நாற்பது வினாடி ரீல்ஸ் எடுத்தார். முதல் பிழிவு அறுந்து விழுந்தது, அதை வெட்டவில்லை. 380 பேர் பார்த்தார்கள், 19 பேர் அனுப்பினார்கள், நூற்றுக்கு ஐந்து. குழுவில் இருந்தபோது அது நூற்றுக்கு ஒன்று. மாமியார் மருமகளுக்கும், தோழி தோழிக்கும் அனுப்பியது அது. அடுத்து, "பத்துப் பேர் வரும் வீட்டுக்கு எத்தனை டின் வேண்டும்" என்று ஒரு பதிவு. அது இன்னும் நன்றாகப் போனது.

இன்னொன்று, ஈசூனில் ரவிக்கை தைக்கும் ஒரு பெண்மணியோடு சேர்ந்து போட்ட கூட்டுப் பதிவு. ஒரே பதிவு இருவர் பக்கத்திலும் தெரியும். இதுவும் குழுதானே என்று கேட்பீர்கள். இல்லை. தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்தான் முறுக்கும் வாங்குகிறார். வாங்கக்கூடியவர் முன் பதிவு போய் நிற்கிறது, லைக் போட அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

இதெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. அந்தத் தீபாவளிக்கு அண்ணி எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. கெட்டுப்போன இரண்டு மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. பின்தொடர்வோர் இன்று 1,130. அதில் சிங்கப்பூர் நூற்றுக்கு எண்பத்தொன்று. பொங்கலுக்கு முன் அண்ணி மறுபடி அந்த மளிகைக் கடைக்குப் போனார். யாரும் கேட்பதற்கு முன்பே கைப்பேசியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பெரியவரின் மகளிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். பெரியவர் திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "பத்து டின் வையுங்கள். கல்லாப் பக்கம் வேண்டாம், பருப்பு அலமாரிக்குக் கீழே" என்றார்.