1892 முதல் 2010 வரை: ஒன்று குறைகிறது

"1892 முதல் 2010 வரை எத்தனை பிப்ரவரி 29? நாலு நாலாக எண்ணினால் 30 வருகிறது, சரியா?"

இல்லை, 29 தான். இடையில் 1900 வருகிறது. 100-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு ஆகாது. 400-ஆலும் வகுபட்டால்தான் ஆகும். அதனால் 2000-இல் பிப்ரவரி 29 இருந்தது, 1900-இல் இல்லை.

விரல்விட்டு எண்ண வேண்டாம். 2010-ஐ 4, 100, 400 ஆகியவற்றால் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள்: 502, 20, 5. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மூன்றாவதைக் கூட்டினால் 487. இதையே 1891-க்கும் செய்யுங்கள்: 472 − 18 + 4 = 458. இரண்டுக்கும் வித்தியாசம் 29.

ஏன் 1891? பலரும் சறுக்குவது இங்கேதான். 1892-க்கே கணக்குப் போட்டால் 459 வரும், விடை 28 ஆகிவிடும். தொடக்க ஆண்டே லீப் ஆண்டு என்பதால், அதன் பிப்ரவரி 29-உம் சேர்ந்து கழிந்துபோகும். அதனால் எப்போதும் முந்தைய ஆண்டைக் கழியுங்கள்.

அப்புறம், எக்செலில் சரிபார்ப்பதாக இருந்தால் கவனம். ஒரு கட்டத்தில் 60 என்று எழுதித் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள், 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அந்தத் தவறை அப்படியே வைத்திருக்கிறார்கள். 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளுக்குள் மட்டும் கழித்தால் பிரச்சினை இல்லை.