ஃபிரான்ட்ஸ் காஃப்காவைத் தமிழில் எழுதுவது எப்படி?

கடந்த மாதம் நண்பர் ஒருவருடைய மொழிபெயர்ப்புக் கட்டுரைத் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தேன். பெயரடைவில் ஒரே எழுத்தாளர் மூன்று இடங்களில் இருந்தார். 'காஃப்கா' ஓரிடத்தில், 'காப்கா' இன்னோரிடத்தில், 'ஃபிரான்ஸ் காஃப்கா' ககர வரிசைக்கும் முன்னால். அகரவரிசையில் ஆய்தம் ஔகாரத்துக்குப் பின்னும் ககரத்துக்கு முன்னும் நிற்பதால் கணினி அவரை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது. அந்த மூன்று பதிவுகளையும் ஒன்றாக்க உட்கார்ந்தபோதுதான், அயற்பெயர் எழுதுவதில் நமக்குள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே மனிதரைச் சுற்றி இருப்பதைக் கண்டேன்.

காஃப்கா 1883இல் பிராக் நகரில் பிறந்தவர். அவருடைய நண்பர் மாக்ஸ் பிரோட். ஆய்தத்தை விலக்கி எழுதினால் ஊர் பிராக், நண்பர் பிரோட், எழுத்தாளர் பிரான்ஸ் என்று மூன்றும் 'பிர' என்றே தொடங்கும். மூல ஒலியிலோ மூன்றும் வெவ்வேறு. நம் பகரம் ஏற்கெனவே இரண்டு ஒலிகளைச் சுமக்கிறது, மூன்றாவதையும் அதன் தலையில் ஏற்றுவது வாசகருக்குச் செய்யும் அநீதி. குற்றெழுத்துக்குப் பின்னும், உயிரேறிய வல்லினத்துக்கு முன்னும்தான் ஆய்தம் வரும் என்பது தொல்காப்பிய விதி. அஃது, எஃகு ஆகியவை அப்படி வருபவை. சொல்லின் முதலில் 'ஃபி' என்று எழுதுவது அந்த விதியை மீறுகிறது என்பதை ஒப்புக்கொண்டே, நான் 'ஃப'வின் பக்கம் நிற்கிறேன். அடைவில் மட்டும் ஃபகரப் பெயர்களைப் பகரத்தின் கீழ் கையால் நகர்த்திவிட வேண்டும், வாசகர் அங்கேதான் தேடுவார்.

அடுத்தது, 'ஃபிரான்ஸ்' என்பதில் உள்ள பிழை. அவர் பெயரின் கடைசி எழுத்து ஆங்கிலத்தின் இசட். ஆனால் ஜெர்மனில் அந்த எழுத்துக்கு 'ட்ஸ்' என்ற ஒலி. 'ஃபிரான்ஸ்' என்று எழுதினால் அது பிரான்ஸ் நாட்டின் பெயராகிவிடும். 'ஃபிரான்ட்ஸ்' என்பதே சரி. இதற்கு நேர்மாறாக, அவர் படைத்த கிரேகோர் ஸாம்ஸாவின் குடும்பப் பெயரில் இசட் எழுத்தே கிடையாது. ஆனால் ஜெர்மன் மொழியில் உயிரெழுத்துக்கு முன் வரும் எஸ், இசட் போல அதிர்ந்து ஒலிக்கும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றுகிறவர் இரண்டு இடத்திலும் தவறுவார். அந்த அதிர்வொலிக்குச் சிலர் 'ஃஜ' என்று எழுதிப் பார்க்கிறார்கள். அதை எப்படி ஒலிப்பது என்று நான் அறிந்த வாசகர் எவருக்கும் தெரியவில்லை. நான் ஸகரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், அதிர்வு இழக்கப்படுகிறது என்று தெரிந்தே.

எகரத்தில் மட்டும் நமக்கு எந்த இழப்பும் நேர வேண்டியதில்லை, இருந்தும் அங்கேதான் அதிகமாகத் தவறுகிறோம். இந்தியில் எகரக் குறிலுக்குத் தனி எழுத்து இல்லை, நமக்கு உண்டு. ஒற்றைக் கொம்பின் மேற்பகுதியைச் சுழித்து ஏகாரத்தைப் பிரித்துக் காட்டும் வழக்கத்தை நமக்குத் தந்தவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவரே பெஸ்கி என்ற குறில் எகரப் பெயரைக் கொண்ட இத்தாலியர்தான். காஃப்காவின் கடிதங்களைப் பெற்ற செக் பெண்ணின் பெயரை நாம் 'மிலேனா' என்று நீட்டுகிறோம். செக் மொழியில் நெடில் உயிரின் மேல் ஒரு சாய்கோடு இடுவார்கள், அவர் பெயரின் எகரத்தின் மேல் அது இல்லை. அவர் மிலெனா. கிரேகோர் என்பதிலோ ஜெர்மன் ஒலிப்பு நெடில், அங்கே இரட்டைச் சுழிக் கொம்புதான் வேண்டும். சொல்லின் இறுதியில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். தமிழ்ச் சொல் குறில் எகரத்தில் முடியாது, அதனால் நீட்சே என்று நீள்வதைத் தவிர்க்க இயலாது. வேற்றுமை உருபு சேர்ப்பதும் அப்போது எளிது, 'நீட்சேவை' என்று வகரம் தானாக வந்து நிற்கும்.

இறுதி மெய்யில் பிழை தெரிவது உருபு சேரும்போதுதான். 'பிராக்' என்று தனியாக நிற்கையில் எவரும் சரியாகப் படிப்பார்கள். அதே ஊரைப் 'பிராகில்' என்று எழுதினால் ககரம் மெலிந்துவிடுகிறது. 'பிராக்கில்' என்று இரட்டித்தால்தான் வல்லொலி நிற்கும். பிரோட் பெயரின் கடைசி எழுத்து டி, ஆனால் ஜெர்மனில் சொல்லிறுதியில் அது வல்லொலியாகவே ஒலிக்கும். எனவே 'பிரோடின் நண்பர்' அல்ல, 'பிரோட்டின் நண்பர்'.

இவ்வளவும் சொன்ன பிறகு, காஃப்கா என்பதன் முதல் உயிரும் ஜெர்மனில் குறில்தான், 'கஃப்கா' என்றால் ஆய்தத்துக்கு முன் குற்றெழுத்தும் கிடைக்குமே என்று நண்பர் கேட்டார். உண்மைதான். ஆனாலும் வாசகர் நெடுங்காலமாக அறிந்த வடிவத்தை நான் கலைக்க மாட்டேன். அடைவில் 'காஃப்கா, ஃபிரான்ட்ஸ்' என்ற ஒரே பதிவை வைத்து, 'காப்கா' என்று தேடுபவருக்காக அங்கே ஒரு 'காண்க' குறிப்பு மட்டும் சேர்த்து அனுப்பினேன்.