மொத்த நேரம் குறையாது, சராசரிக் காத்திருப்புதான் குறையும்

“ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட் முறையில் எல்லா வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை.”

காத்திருக்கும் வேலைகளில் மிகச் சிறியதைக் கணினியின் புராசஸர் முதலில் எடுக்கும் முறையைப் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார். அவர் சொன்ன இரண்டுமே தவறு. நாகமலை புதுக்கோட்டையில் ஒரே பிரின்டர் உள்ள ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு 30 நிமிடம், பிராஜெக்ட் 6, விண்ணப்பம் 3. மூவரும் ஒன்றாகத்தான் வந்து நிற்கிறார்கள். ஆய்வேட்டை முதலில் எடுத்து, மற்றவற்றை இதே வரிசையில் அடித்தால் காத்திருப்பு 0, 30, 36. சராசரி 22 நிமிடம். சிறியதிலிருந்து தொடங்கினால் 0, 3, 9, சராசரி 4. பிரின்டர் ஓய்வதோ இரண்டிலும் 39ஆவது நிமிடத்தில்தான். முதலில் போகும் வேலையின் நேரம் பின்னால் நிற்கும் அனைவர் தலையிலும் விழுகிறது. அது சிறியதாக இருந்தால் சுமை குறைவு, அவ்வளவே.

ஆய்வேட்டுக்காரருக்கு 9 நிமிடம் நஷ்டம். விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருந்தால் அவர் முறை வராமலே போகலாம். ஆஸ்பத்திரி வரிசையும் இப்படித்தான் என்றார் இன்னொரு நண்பர். அங்கே பார்ப்பது அவசரத்தை, வேலையின் நீளத்தை அல்ல. அது வேறு கணக்கு.

இந்த முறை “நடைமுறையில் முடியாது” என்று மற்றொருவர் சொன்னது பாதி சரி. புராசஸருக்கு அடுத்த வேலையின் நீளம் முன்கூட்டித் தெரியாது. முந்தைய ஓட்டங்களைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும். பெரிய வேலைக்கு முறை வராமலே போவதைத் தவிர்க்க, காத்திருப்பவருக்கு நேரம் ஆக ஆக முன்னுரிமையைக் கூட்டலாம். எவ்வளவு வேகமாகக் கூட்டுவது என்பதில் எனக்கும் என் சக ஊழியருக்கும் இன்னும் வழக்குதான்.