பெப்டைடு கிரீமில் பெப்டைடு எவ்வளவு இருக்கிறது?

கண்ணோரத்தில் மெல்லிய கோடுகள் தெரியத் தொடங்கியதும் 30 கிராம் டப்பாவுக்கு 2,000 ரூபாய் கொடுத்து பெப்டைடு கிரீம் வாங்கலாமா என்று தோழியர் சிலர் கேட்டிருந்தனர். புரதத்தின் சிறு துண்டான பெப்டைடு வேலை செய்வதற்குச் சான்று உண்டு, ஆனால் அந்தச் சான்று இந்த விலையைத் தாங்காது என்பதே என் கருத்து.

பெப்டைடுகளுள் அதிகம் பேசப்படுவது மேட்ரிக்சில் என்ற பெயரில் விற்கப்படும் பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு-4. இது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்துக்கு முன்னோடியான புரதத்தின் சிறு துண்டு. இத்துண்டைக் கண்டதும் தோலின் செல்கள் புதிய கொலாஜனை உருவாக்கத் தூண்டப்படுகின்றன என்பது ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. தோலின் எண்ணெய்ப் பாங்கான மேலடுக்கைக் கடக்கத்தான் இதனுடன் ஒரு கொழுப்பு அமிலத்தை இணைக்கிறார்கள். 2005இல் வெளியான ஆய்வொன்றில், 35 முதல் 55 வயது வரையான 93 பெண்கள் முகத்தின் ஒரு பாதியில் இந்தப் பெப்டைடு கலந்த கிரீமையும் மறுபாதியில் அதே கிரீமைப் பெப்டைடு இல்லாமலும் 12 வாரம் பூசினார்கள். பெப்டைடு பூசிய பக்கத்தில் கோடுகள் சற்றுக் குறைந்திருந்தன. ஆய்வைச் செய்தவர்கள் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தினர் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும், வெறும் ஈரப்பதமே கோடுகளை மங்கச் செய்யும் என்பதால், அதே கிரீமுடன் ஒப்பிட்டது முறையான செயல். விளம்பரங்களின் ‘முன்பு, பின்பு’ படங்களில் இந்த ஒப்பீடு இருப்பதில்லை.

அந்த ஆய்வில் பயன்பட்ட அளவு பத்து லட்சத்தில் 3 பங்கு மட்டுமே. இப்போது புட்டியின் மேல் ‘மேட்ரிக்சில் 10%’ என்றிருப்பதைப் பாருங்கள். அந்த 10% என்பது மூலப்பொருள் நிறுவனம் தரும் கரைசலின் அளவு. அக்கரைசலிலேயே பெப்டைடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 100 பங்குதான். கணக்கிட்டால் 30 கிராம் கிரீமில் 0.3 மில்லிகிராம் தேறும். ஆய்வில் பயன்பட்டதைவிட இது அதிகம் என்பதால் அளவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 500 ரூபாய்க் கிரீமிலும் இதே அளவைச் சேர்க்க முடியும் என்றால், மீதி 1,500 ரூபாய் கண்ணாடிப் புட்டிக்கும் நறுமணத்துக்கும் விளம்பரத்துக்கும் போகிறது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

‘ஊசியில்லா போடாக்ஸ்’ என்று விற்கப்படும் ஆர்ஜிரலைன் என்ற மற்றொரு பெப்டைடின் நிலை இன்னும் பலவீனம். பலராலும் மேற்கோள் காட்டப்படும் 2002ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்ற பெண்கள் 10 பேர்தான்.

சன்ஸ்கிரீன் பூசாதவர்கள் பெப்டைடுக்குச் செலவிடுவதில் பொருளில்லை. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியோரின் தோல் முதுமை, விரும்பியபோது மட்டும் பூசியோரைவிட 24% குறைவாக இருந்தது. அடுத்த இடம் மருத்துவர் எழுதித்தரும், வைட்டமின் ஏ வகைப் பூச்சு மருந்தான டிரெட்டினாயினுக்கு. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும், சிலருக்கு எரிச்சலும் தோலுரிதலும் வரும். அத்தகையவர்கள் சாதாரண மாய்ஸ்சரைசர் விலையில் கிடைக்கும் பெப்டைடு கிரீமை 12 வாரம் பூசிப் பார்க்கலாம். பிறகு இரண்டு மூன்று நாள் நிறுத்தி, காலையில் முகம் கழுவியதும் அதே சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் உடனே திரும்பியிருந்தால், நீங்கள் கண்ட பலன் பெரும்பாலும் ஈரப்பதத்தால் வந்தது.