தொலைதூரக் கல்விப் பட்டம் செல்லும், வரிசை தவறினால் செல்லாது

"அஞ்சல் வழியில் படித்த டிகிரி கவர்மெண்ட் வேலைக்குச் செல்லுமா?" மாதம் நாலு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி பெற்றுத் தொலைநிலையில் நடத்தப்படும் படிப்பு, நேரில் போய்ப் படித்ததற்குச் சமம் என்று 2020-ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் deb.ugc.ac.in தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தமிழ்நாட்டில் ஆளைக் கவிழ்ப்பது வேறு ஒன்று. பத்தாம் வகுப்பு, அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் பட்டம், அப்புறம் முதுகலை. இந்த வரிசை மாறக்கூடாது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு அக்கா. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர், அப்போது படிப்பு பத்தாம் வகுப்புதான். 18 வயது நிரம்பியிருந்தால் போதும், பிளஸ் டூ தேவையில்லை என்று ஒரு பல்கலைக்கழகம் திறந்தநிலையில் பி.ஏ. சேர்த்துக்கொண்டது. 2005-இல் முறைப்படி துறை அனுமதி வாங்கிச் சேர்ந்து 2008-இல் முடித்தார். பணிப்பதிவேட்டிலும் பதிவு செய்தார்கள். பின்னால் யாரோ சொன்னார்கள் என்று 2011-இல் தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதித் தேறி, அதற்கு மேல் எம்.ஏ.வும் படித்தார். ஆக மூன்று சான்றிதழும் கையில் இருந்தன.

பட்டம் கேட்கும் பதவிக்குத் தேர்ந்தோர் பட்டியல் தயாரானபோது அவர் பெயர் இல்லை. பி.ஏ. முடித்தபோது பிளஸ் டூ இல்லை, எனவே அந்தப் பட்டம் பதவி உயர்வுக்கு ஏற்கத்தக்கதல்ல, அடித்தளமே இல்லாததால் எம்.ஏ.வும் கணக்கில் வராது என்று பதில் வந்தது. அக்கா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "உண்மைத்தன்மைச் சான்று எல்லாம் வந்துவிட்டதே தம்பி, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உண்மைத்தன்மை என்றால் சான்றிதழ் போலியில்லை, அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்ததுதான் என்று மட்டுமே பொருள். வேலைக்கு ஏற்கத்தக்கதா என்பது தனிக் கேள்வி. பணிப்பதிவேட்டில் ஏறியதும் அப்படித்தான், அது ஒரு பதிவு, அவ்வளவே.

இது எங்கிருந்து வந்தது? 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், இளநிலைப் பட்டமே இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணியாளர் மற்றும் நிருவாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை 107 வந்தது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்தபின் பெற்ற திறந்தநிலைப் பட்டம் மட்டுமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்று ஆனது. பிறகு 2016-ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இந்தப் படிப்பு வரிசையைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் கல்வித் தகுதிக்குக் கீழே இந்தப் பிரிவைக் குறிப்பிட்டிருப்பார்கள், பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிளஸ் டூ வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதிக்கக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த அக்கா குதித்துவிட்டு நிற்கவில்லையே, திரும்பி வந்து எழுதித் தேறியிருக்கிறார். எல்லோரும் எழுதும் அதே தேர்வை, வேலைக்கும் போய்க்கொண்டு, மூன்று ஆண்டு தள்ளி எழுதியிருக்கிறார். அதுவும் அவர் சேர்ந்தது 2005-இல், அரசாணை வந்தது 2009-இல். பிளஸ் டூவைப் பின்னால் முடித்தவர்களுக்கு, அது முடித்த நாளிலிருந்தாவது பட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் என் கருத்து. அதற்கு முந்தைய பணிமூப்பை யாரும் கேட்கவில்லை.

பிளஸ் டூ இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள், இந்தப் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்கு உதவாது என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சடிக்க வேண்டும். இக்னோவில் ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்று இருக்கிறது. அதை முடித்தால் அங்கே பட்டப்படிப்பில் சேரலாம், ஆனால் அது பிளஸ் டூவுக்கு இணை இல்லை. இதைச் சேரும்போதே தெரிந்துகொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்?

இப்போதைய விதிப்படி அக்காவுக்கு இருந்த வழி ஒன்றுதான், பிளஸ் டூ கையில் இருப்பதால் மறுபடி முதலிலிருந்து பி.ஏ. சேர்வது. சேர்ந்துவிட்டார். போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, முதலாண்டு ஒப்படைப்புத் தாள்களை எழுதிக்கொண்டிருந்தார்.