வாங்கி வைத்தார்: ஒரே வாக்கியம், இரண்டு மரங்கள்

கோவையில் நான் வேலை பார்க்கும் ட்ரீபேங்க் குழுவில், அதாவது வாக்கியங்களைச் சொல் சொல்லாகப் பிரித்து எந்தச் சொல் எதைச் சார்ந்திருக்கிறது என்று மரமாக வரைந்து குறிக்கும் பணியில், சென்ற வாரம் ஒரு வாக்கியம் பஞ்சாயத்துக்கு வந்தது: "அப்பா போன வாரமே மஞ்சளை வாங்கி வைத்தார்."

ஈரோட்டு மஞ்சள் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த தோழி, விலை ஏறும் முன் வாங்கிக்கொண்டார் என்றே இதைப் படித்தார். அவருக்கு "வைத்தார்" துணைவினை. ஆகவே "வாங்கி" root, அதாவது மரத்தின் தலைச்சொல்; "வைத்தார்" அதன் கீழ் aux, அதாவது துணைவினை. பொள்ளாச்சித் தம்பி, வாங்கினார், பிறகு ஓரிடத்தில் வைத்தார் என்று இரு செயல்களாகப் படித்தார். அவர் மரத்தில் "வைத்தார்" root, "வாங்கி" அதன் கீழ் advcl, அதாவது அதைச் சார்ந்த வினையெச்சத் தொடர். இருவரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள், ஒரே வழிகாட்டியைப் படித்தவர்கள். தமிழில் துணைவினைக்கு முன்னும் தனிவினைக்கு முன்னும் வினையெச்சம் ஒரே வடிவில்தான் நிற்கும் என்பதால், வடிவத்தைப் பார்த்து இருவரில் எவரையும் தவறு என்று சொல்ல முடியாது.

எங்கள் வழிகாட்டி ஒரு சோதனையைச் சொல்கிறது: இரு வினைகளுக்கும் நடுவே வேறு சொல்லை நுழைத்துப் பாருங்கள். "வாங்கிக் குடோனில் வைத்தார்" என்றால் "வைத்தார்" தனிவினை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சோதனை, இரு செயல்களாகப் படிக்க இடமுண்டு என்று மட்டுமே காட்டுகிறது. எழுதியவர் எதை நினைத்தார் என்பதை அது சொல்லாது. (நம் ஊர்ப் பேச்சில் "சாப்பிட்டுப்போட்டு வாங்க" என்னும்போது யாரும் எதையும் தூக்கிப் போடுவதில்லை என்பது நமக்குத் தெரியும். வெளியூர்க்காரர் குறித்தால் அங்கேயும் தடுமாறுவார்.)

எனக்குள்ள மனக்குறை, உடன்பாட்டை அளக்கும் முறை மீது. அந்த ஆறு சொற்களில் "போன", "மஞ்சளை" இரண்டும் எந்த மரத்திலும் இடம் மாறுவதில்லை. ஆனால் எழுவாயும் காலச்சொல்லும் root உடன் இணைவது எங்கள் வழக்கம் என்பதால், "அப்பா", "வாரமே", "வாங்கி", "வைத்தார்" ஆகிய நான்கும் மாறிவிடுகின்றன. கருத்து வேறுபாடு ஒன்றுதான். மதிப்பெண்ணோ ஆறுக்கு இரண்டு. அதைப் பார்த்த மேலாளர் இருவருக்கும் மறுபயிற்சி வேண்டும் என்றார். எத்தனை சொற்கள் மாறின என்று எண்ணுவதற்குப் பதிலாக எத்தனை முடிவுகள் மாறின என்று எண்ணியிருந்தால், அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

இறுதி முடிவெடுப்பவர் தோழியின் மரத்தை ஏற்றுக்கொண்டு மற்றதை அழித்துவிட்டார். இடம், பாத்திரம், அறை எதுவும் சொல்லப்படாதபோது துணைவினையாகக் கொள்க என்று வழிகாட்டியில் ஒரு வரி சேர்ப்பதை நானும் ஆதரிக்கிறேன், ஏனெனில் தொகுப்பு முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆனால் அழித்ததை ஏற்க முடியவில்லை. மரங்களைச் சேமிக்கும் CoNLL-U கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் பத்தாவது நெடுவரிசையாக, பிற குறிப்புகளுக்கான MISC இருக்கிறது. தோற்றுப்போன மரத்தை அதில் எழுதி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். அந்த "எழுதி வைக்க" துணைவினைதான் என்பதில் மட்டும் எங்கள் மூவருக்கும் சண்டை இல்லை.