அவதார் செய்வதற்கு முன், அந்த செல்ஃபியைப் பெரிதாக்கிப் பாருங்கள்

விளையாட்டுக் கணக்கில் பிள்ளைகள் தங்கள் செல்ஃபியைக் கார்ட்டூன் அவதாராக மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். "முகம் வெளியே தெரிஞ்சிடுமே" என்று பெற்றோர் பதறுகிறார்கள். என்னைக் கேட்டால் முகத்தைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். கார்ட்டூனாக்கும்போது முகம் பாதி மாறிவிடும். சட்டையும் பின்னணியும் அவ்வளவு சுலபமாக மாறாது. அதிலும் நம் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊரில், ஆளைக் கண்டுபிடிக்க முகமே தேவையில்லை. எந்தப் பள்ளி, எந்தத் தோட்டம் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். சாப்பாட்டுக் கடையில் விசாரித்தால் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

என் அண்ணன் மகன் படிவம் ஒன்று படிக்கிறான். நான் வைத்திருக்கும் ஃபோட்டோஸ்டேட் கடைக்கு வந்து, "அத்தே, இந்த அவதார ஸ்டிக்கரா அடிச்சுக் குடுங்க" என்று கைப்பேசியை நீட்டினான். ஒரு செயலியில் செல்ஃபியைக் கொடுத்துச் செய்தது. அழகாகத்தான் இருந்தது. கடைக் கணினியில் பெரிதாக்கி, மூலப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மூலப் படத்தில் அவன் பள்ளிச் சட்டையோடு நிற்கிறான். நெஞ்சில் பெயர்ப் பட்டை, பாக்கெட்டில் பள்ளிச் சின்னம். தோளுக்குப் பின்னால் அண்ணனின் மோட்டார் சைக்கிள், எண் பலகை A என்று தொடங்குகிறது. நம் நாட்டில் A என்றால் பேராக் என்று வெளியூர்க்காரனுக்கும் தெரியும். அதற்கும் பின்னால் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி, அதில் தோட்டத்தின் பெயர்.

செயலி செய்த படத்தில் பெயர்ப் பட்டையின் எழுத்துகள் கோணல்மாணலாகிப் படிக்க முடியாமல் போயிருந்தன. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் சரி, ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளிச் சின்னத்தின் வடிவமும் நிறமும் அப்படியே இருந்தன. தண்ணீர்த் தொட்டியும் அதே இடத்தில், அதே உயரத்தில் நின்றது. இந்தச் செயலிகளில் பலவற்றுக்கு எழுத்துதான் சிக்கல். வடிவத்தையும் நிறத்தையும் நன்றாகவே காப்பாற்றிவிடும். அந்தப் பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளையும் அந்தச் சின்னத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

இன்னொன்று, செயலிக்குப் போனது அந்தக் கார்ட்டூன் இல்லை, முழு மூலப் படம். நாம் மற்றவர்களுக்குக் காட்டுவது ஒன்று, கம்பெனியின் கையில் இருப்பது வேறொன்று.

அதனால் அவனை உட்காரவைத்து மறுபடியும் எடுத்தோம். கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் வெள்ளைச் சுவர் இருக்கிறது. வீட்டிலும் ஒரு வெற்றுச் சுவர் இல்லாமலா போகும்? பள்ளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, எழுத்தில்லாத டீ-சட்டை. தலைமுடியிலிருந்து கழுத்தெலும்பு வரை மட்டும் வெட்டினோம். வெட்டிய படத்தை அப்படியே கொடுக்காமல், திரையில் பெரிதாக வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம்.

ஏன் இந்தச் சுற்று வழி என்று அவனும் கேட்டான். கேமராவில் இடக்குறிப்பு வசதி திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். ஓரத்தை வெட்டினாலும் அது போகாமல் இருக்கலாம். ஐபோன் போன்றவற்றில் வெட்டிய படத்தை மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும், ஏனென்றால் முழுப் படம் உள்ளேயே இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் என்பது புதிய கோப்பு. கேமரா பதிந்த இடக்குறிப்பு அதில் வராது, வெட்டிப்போட்ட பகுதியும் வராது. மேலே தெரியும் நேரத்தையும் யாரோ அனுப்பிய செய்தியின் தலைப்பையும் மட்டும் மறக்காமல் வெட்டிவிட வேண்டும். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் கழலாது. "கிளியரா வரும், டாக்குமெண்டா அனுப்பு" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அப்புறம் செயலி அனுமதி கேட்கும். எல்லாப் படங்களையும் பார்க்க விடாதீர்கள். இப்போதைய ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வழி இருக்கிறது. அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் காட்டினோம். முகநூல் கணக்கை வைத்து உள்ளே நுழையச் சொன்னது, அதையும் தவிர்த்தோம். முகநூலில் முழுப் பெயர் இருக்கும். இவ்வளவு வெட்டி ஒட்டிவிட்டுப் பெயரை நாமே கொடுத்தால் என்ன பிரயோசனம்?

உண்மையைச் சொன்னால், செயலியே தேவையில்லை என்பதுதான் என் கட்சி. செல்ஃபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளையாட்டிலேயே இருக்கும் முடி, கண், கண்ணாடி ஆகியவற்றைக் கையால் தேர்ந்தெடுத்துச் செய்யலாம். படம் எங்கேயும் போகாது. "உன்னை உன்னைப் போலக் காட்டுவது எது, ரெண்டு மட்டும் சொல்லு" என்று அவனைக் கேட்டேன். சுருட்டை முடி, வட்டக் கண்ணாடி என்றான். அந்த இரண்டையும் வைத்தோம். புருவத்தில் இருக்கும் தழும்பை விட்டுவிட்டோம், சட்டைக்கு அவனுக்குப் பிடித்த மஞ்சள். அவன் கூட்டாளிகள் பார்த்தவுடன் அவன்தான் என்பார்கள். தெரியாதவனுக்கு அது வெறும் சுருட்டை முடிப் பையன்.

இந்தப் புது அவதாரையே முகநூலிலும் போடப்போகிறேன் என்று கிளம்பினான். அங்கேதான் நிறுத்தினேன். ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால், படத்தை வைத்தே தேடும் வசதியில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கக்கூடும். விளையாட்டில் புனைபெயர், முகநூலில் சொந்தப் பெயர், பள்ளி, அப்பா, அம்மா, போன தைப்பூசத்துக் குடும்பப் படம். இரண்டையும் சேர்க்கும் கயிறாக அந்த அவதார் இருக்கக் கூடாது. விளையாட்டுக்கு ஒன்று, முகநூலுக்கு வேறொன்று.

அவதாருக்குக் கீழே வரும் பெயரையும் பாருங்கள். அவன் தன் பெயருக்குப் பின்னால் ஆறு எண்கள் போட்டிருந்தான்: ஆண்டு, மாதம், நாள் என்று அவன் பிறந்த தேதி. நம் ஐசி எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் அதே வரிசையில் அதேதான். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தின் குறியீடு, பேராக் என்றால் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அப்படியென்றால் பிறந்த தேதி பெயரிலேயே இருக்க, படத்தின் பின்னால் A எண் பலகையும் தெரிந்தால், பன்னிரண்டில் எட்டைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். எத்தனை பேர் இதை யோசிக்கிறோம்? எண்களை எடுத்துவிட்டு ஒரு பறவையின் பெயரைச் சேர்த்துக்கொண்டான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2024இல் திருத்தி, முகம், கைரேகை போன்ற உடல் அடையாளத் தரவுகளையும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவு வகையில் சேர்த்தார்கள். ஆனால் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு செயலிக் கம்பெனியை நம் ஊரிலிருந்து துரத்திப் பிடிப்பது நடக்கிற காரியமா?

பழைய செயலியை அவன் கைப்பேசியிலிருந்து அழுத்திப் பிடித்து நீக்கப் போனான். பொறு என்றேன். கைப்பேசியிலிருந்து எடுத்தால் செயலிதான் போகும். ஏற்றிய படம் அவர்களுடைய சர்வரில் இருக்கும். முதலில் செயலிக்குள் போய் ஏற்றிய படத்தை அழித்து, கணக்கை நீக்கும் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். அமைப்புகளுக்குள் மூன்று நான்கு அடுக்கு தாண்டித்தான் அது இருந்தது. அதற்குப் பிறகுதான் செயலியை நீக்கினோம்.